தூக்கத்திலும் 96

மார்கழி பிறந்து மூன்றாம் நாள். விடிகாலை ஐந்தரை மணிக்கு எங்கள் குரோம்பேட்டை வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து பதினைந்து புள்ளி சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். இருபது வருடமாகப் போடுகிற கோலம். கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் தானாகப் போகும். அன்றைக்கு இழை நேராக விழவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து விழுகிற மாவு, நூல் மாதிரி இறங்காமல், ரம்பப் பல் மாதிரி சின்னச் சின்ன நெளிவோடு விழுந்தது. வளைவுகளில் அவ்வளவாகத் தெரியவில்லை. நீளமாக இழுக்கும் இடங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது.

வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "ஏம்மா, குளுருதா? கை நடுங்குதே" என்றார். எனக்குக் குளிரவில்லை. சொல்லப்போனால் அந்த நேரத்தில் என் ஜாக்கெட் முதுகுப்பக்கம் நனைந்திருந்தது. கோலத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், தொடை ஒத்துழைக்கவில்லை. கையைத் தரையில் ஊன்றி, பிறகு கேட்டைப் பிடித்து எழுந்தேன். அப்போது எனக்கு வயது 41.

அந்த மூன்று விஷயங்களையும், அதாவது நடுக்கம், வியர்வை, தொடையில் பலமில்லாமை, அன்றைக்கு நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏற்கெனவே இரண்டு மாதமாக நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது: டென்ஷன். உண்மையில் எல்லாவற்றுக்கும் காரணம், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

தொடங்கியது தீபாவளிக்கு முந்தைய வாரம். நுங்கம்பாக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறி இறங்குவது தினசரி வேலை. பாதிப் படியிலேயே காதுக்குள் டப் டப் என்று கேட்க ஆரம்பித்தது. ரயிலில் உட்கார்ந்து இரண்டு ஸ்டேஷன் தாண்டியும் அடங்கவில்லை. ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள்ளிருந்து துடிப்பு கேட்டது. ரிட்டர்ன் தாக்கல் நெருக்கடி, மகள் பத்தாம் வகுப்பு, அத்தைக்குக் கண் ஆபரேஷன். காரணம் தேடினால் கிடைக்கத்தானே செய்யும்.

தெருமுனை கிளினிக்கில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். நாடி 112 என்று சொல்லி ஈ.சி.ஜி. எடுத்தார். தாளம் ஒழுங்காக இருக்கிறது, வேகம் மட்டும்தான் கூடுதல், இதயத்தில் ஒன்றுமில்லை என்றார். அது உண்மைதான், அதில் அவர் தவறவில்லை. பிறகு வீட்டு நிலவரத்தைக் கேட்டுவிட்டு, "மனசுல எதையும் போட்டுக்காதீங்கம்மா" என்று படபடப்புக்கு புரோப்ரனலால் மாத்திரை எழுதித் தந்தார். இரண்டே நாளில் நாடி எண்பதுக்கு வந்துவிட்டது. நானும் நிம்மதியாகிவிட்டேன்.

அந்த நிம்மதியால் ஒரு மாதம் வீணாகப் போயிற்று. இதயம் வேகமாக அடிப்பதை அந்த மாத்திரை அடக்கும். ஆனால் எது அதை அடிக்க வைக்கிறதோ அதைத் தொடக்கூடத் தொடாது. ஈ.சி.ஜி.யும் அப்படித்தான். இதயம் எப்படி அடிக்கிறது என்று அது காட்டும், ஏன் அடிக்கிறது என்று காட்டாது. வண்டி வேகமாக ஓடுகிறது, சக்கரத்தில் கோளாறில்லை என்று ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆக்சிலேட்டரை யார் மிதிக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கைவசம் இருந்த மாத்திரை கார்த்திகைக் கடைசியில் தீர்ந்தது. நானும் மறுபடி வாங்கவில்லை. கோலத்தில் இழை நெளிந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் உடம்பு சூடு தாங்காது, வியர்த்துக் கொட்டும். கத்திரி வெயிலில் இந்த அறிகுறியை வைத்து இந்த ஊரில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஊரே வியர்த்துக்கொண்டிருக்கும். மார்கழிதான் காட்டிக் கொடுக்கும். வீட்டில் எல்லோரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்க, நான் ஃபேனை ஐந்தில் வைத்தேன். மகள் எழுந்து போய் இரண்டில் வைப்பாள், நான் மறுபடி ஐந்தில் வைப்பேன். ஒரு வாரம் இதே சண்டை. ஒரே அறையில் படுத்திருக்கும் நான்கு பேரில் ஒருத்திக்கு மட்டும் புழுங்குகிறது என்றால் அது அறையின் சூடு இல்லை.

உண்மையில் திருப்பம் வந்தது கணவரின் கைக்கடிகாரத்தால். நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் ஒன்று அவரிடம் இருந்தது. "ஒரு ராத்திரி கட்டிக்கிட்டுப் படு, பார்ப்போம்" என்றார். காலையில் எடுத்துப் பார்த்தால், அவர் தூங்கும்போது 54, 56 என்று இறங்கும் வரைபடம், எனக்கு ராத்திரி முழுவதும் 96க்குக் கீழே வரவே இல்லை. வாட்ச் தப்பாகக் காட்டும் என்று எனக்குச் சந்தேகம். அடுத்த நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, நான் அசந்து தூங்கும்போது, அவரே என் மணிக்கட்டைப் பிடித்து முழு ஒரு நிமிடம் எண்ணியிருக்கிறார். 98.

இது ஏன் முக்கியம் என்று பிறகு டாக்டர் விளக்கினார். கவலையாலோ பயத்தாலோ நாடி ஏறினால், தூங்கியதும் அது இறங்கிவிடும். மனம் ஓய்ந்தால் இதயமும் ஓயும். தைராய்டு ஹார்மோன் அப்படி மனத்தின் வழியாக வேலை செய்வதில்லை. இதயத்தில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் இடத்தின் மீதே நேராக வேலை செய்து, அதன் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. நாம் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் தூக்கத்திலும் இறங்காத நாடி என்பது டென்ஷன் என்ற பதிலைச் சந்தேகிக்கச் சொல்லும் வலுவான குறிப்பு. அதற்காக அது தைராய்டுதான் என்று அதை வைத்து மட்டும் முடிவு கட்டவும் முடியாது. ரத்தசோகை, உள்ளே ஒளிந்திருக்கும் காய்ச்சல், ஆஸ்துமா மருந்து, மூக்கடைப்பு மாத்திரை என்று வேறு பல காரணங்களும் உண்டு. இவற்றைப் பிரித்துக் காட்ட அடுத்த படி ரத்தப் பரிசோதனை.

வீட்டில் நாடி பார்ப்பதை நான் ஆரம்பத்தில் தப்பாகத்தான் செய்தேன். மாடி ஏறி வந்து பார்ப்பேன், காபி குடித்துவிட்டுப் பார்ப்பேன், கட்டைவிரலால் பார்ப்பேன். கட்டைவிரலில் அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும். சரியான முறை இது: காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மறு கையின் கட்டைவிரல் அடிப்பாகத்துக்குக் கீழே மணிக்கட்டில் வைத்து, முழு அறுபது நொடி எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்பு தவறினாலும் நான்கு தவறிவிடும். முழு நிமிடம் எண்ணுவதில் இன்னொரு லாபம், தாளம் சீராக இருக்கிறதா, நடுவில் தாறுமாறாகிறதா என்பதும் விரலுக்குத் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை வழக்கமான அளவு. ஏழு நாள் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதினேன்: 104, 102, 108, 101, 106, 104, 107. ஒரு நாள் கூடினால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஏழு நாளும் ஒரு நாளாவது நூறுக்குக் கீழே வராதது எனக்கே பயமாக இருந்தது.

அதோடு எடையையும் பார்த்தோம். ஆயுதபூஜை சமயத்தில் 61 கிலோ இருந்தேன். இப்போது 55 கிலோ 600. இத்தனைக்கும் பசி அடங்கவே இல்லை. காலை ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு மறுபடி டப்பாவைத் திறப்பேன். ஆபீஸில் எல்லோரும் "டயட்டா? சூப்பரா இளைச்சிட்டீங்க" என்று பாராட்டினார்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது சர்க்கரை நோயிலும் வரும் என்பதால் டாக்டர் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.

எனக்கு ஏன் தைராய்டு என்று தோன்றவே இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் தைராய்டு என்றால் குண்டாவது, சோர்வு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அது சுரப்பு குறைந்தால் வருவது. அதுதான் அதிகம் பேருக்கு இருப்பதால், அந்தச் சொல்லையே அது எடுத்துக்கொண்டுவிட்டது. அதே சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்: எடை குறையும், நாடி ஓடும், வயிறு நாளுக்கு மூன்று நான்கு முறை கழியும், தூக்கம் வராது, மாதவிலக்கு குறைந்துவிடும். மாதவிலக்கு குறைந்ததை, நாற்பது தாண்டியாயிற்று, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்கோ நடுக்கம், படபடப்பு எதுவும் வெளியே தெரியாமல், வெறும் இளைப்பும் அசதியும் தாறுமாறான நாடியும் மட்டுமே இருக்கலாம்.

இந்த முறை வேறு ஒரு பொது மருத்துவரிடம் போனேன். ஏழு நாள் நாடிக் குறிப்பையும் எடையையும் பார்த்தவர், முதலில் என் இரண்டு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். நீட்டிய விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதத்தின் ஓரம் படபடவென்று அதிர்ந்தது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். இரண்டாவது முயற்சியில்தான் எழ முடிந்தது. "கோலம் போட்டுட்டு எழுந்திருக்க முடியலைன்னு சொன்னீங்களே, அதுவும் இதுலதான் சேரும்மா. ஹார்மோன் ஜாஸ்தியானா தொடைத் தசையையும் கரைக்கும்" என்றார். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3, முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை என்று எழுதித் தந்தார்.

டி3, டி4 இரண்டும் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள். ஃப்ரீ என்று அவர் எழுதியதற்கு அர்த்தம் உண்டு. லேப்களில் தைராய்டு ப்ரொஃபைல் என்று கேட்டால் பெரும்பாலும் மொத்த டி3, மொத்த டி4, டி.எஸ்.எச். என்று மூன்றைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். ரத்தத்தில் இருக்கும் ஹார்மோனில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடுவதால் மொத்த அளவு வீங்கிக் காட்டும். ஒட்டாமல் தனியாக உலவும் கொஞ்சம்தான் உடம்பில் வேலை செய்கிறது. அதைத்தான் ஃப்ரீ என்கிறார்கள். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. நான் சர்க்கரையும் பார்க்க வேண்டியிருந்ததால் காலையில் சாப்பிடாமல் போனேன்.

மறுநாள் மாலை ரிசல்ட் போனுக்கு வந்தது. டி.எஸ்.எச். 0.01க்கும் கீழே, இருக்க வேண்டியது ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. ஃப்ரீ டி4 4.1, உச்ச வரம்பு 1.8. ஃப்ரீ டி3 12.6, உச்ச வரம்பு 4.2. ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சரியாகவே இருந்தன.

அன்றைக்கு ராத்திரி நடந்ததைக் கட்டாயம் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, சுரப்பு குறைவுக்காகப் பத்து வருடமாகத் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவர். அன்பானவர், என்மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ரிசல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தைராய்டு சுத்தமா இல்லையேம்மா உனக்கு, ஜீரோவுல நிக்குது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறவரைக்கும் என்கிட்ட இருக்கற மாத்திரைல பாதி போட்டுக்கோ" என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். நல்லவேளை, நான் போடவில்லை. போட்டிருந்தால் ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கும் பாத்திரத்தில் இன்னும் ஊற்றியிருப்பேன்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் "இன்னும் கொடு" என்று உத்தரவு கூடும். ஹார்மோன் அளவுக்கு மீறினால் "போதும், நிறுத்து" என்று உத்தரவு அடங்கிப்போகும். வீட்டில் பால் பொங்கி வழிந்தால் பால்காரருக்கு யாரும் சொல்லி அனுப்ப மாட்டோம் இல்லையா, அப்படி. அதனால் டி.எஸ்.எச். குறைவு, டி4 அதிகம் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் சுரப்பி சொன்ன பேச்சைக் கேட்காமல் சுரக்கிறது என்று பொருள். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் போடும் கீழ்நோக்கிய அம்புக்குறியை மட்டும் பார்த்தால் யாரும் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

அடுத்து அனுப்பப்பட்ட இடம் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். நான் போனது ஒரு தனியார் மருத்துவமனை. பணம் ஒரு தடையாக இருக்கிறவர்களுக்கு, சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அந்த டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்பே கேட்ட முதல் கேள்வி என்னை ஆச்சரியப்படுத்தியது. "முடி கொட்டுதுன்னு ஏதாவது சாப்பிடறீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நவம்பரிலிருந்து தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. மெடிக்கல் ஷாப்பில் பயோட்டின் 10 மில்லிகிராம் மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். விட்டமின்தானே என்று எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்த அன்று காலையில்கூடத் தண்ணீரோடு ஒன்று விழுங்கிவிட்டுத்தான் போனேன்.

பல லேப் கருவிகள் ஹார்மோனை அளப்பதற்கு பயோட்டினையே ஒரு கொக்கி மாதிரி பயன்படுத்துகின்றன. நம் ரத்தத்தில் பயோட்டின் அதிகமாக மிதந்தால் அது அந்தக் கொக்கி மாட்டும் இடத்தைப் போய் அடைத்துக்கொள்ளும். விளைவு, டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், டி4, டி3 உள்ளதைவிட அதிகமாகவும் காட்டும். அதாவது தைராய்டு நன்றாகவே இருக்கும் ஒருவருக்கு, தைராய்டு அதிகம் என்று அச்சு அசலாகப் பொய் ரிப்போர்ட் வரலாம். உணவில் கிடைக்கும் பயோட்டின் இதைச் செய்யாது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் அதிக அளவு மாத்திரைகள்தான் செய்யும். எனக்கு இதைக் கேட்டதும் ஒரு நிமிடம், ஒருவேளை நோயே இல்லையோ என்று ஆசை வந்தது.

"இருக்குன்னுதான் நினைக்கிறேன். உங்க நாடியும் கையும் பொய் சொல்லாது. ஆனா எனக்குச் சுத்தமான நம்பர் வேணும். இதை நிறுத்திட்டு மறுபடி எடுங்க" என்றார். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்த வேண்டும், அளவு அதிகமாக இருந்தால் இன்னும் கூடுதலாக. என்னை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். அந்த ஒரு வாரத்துக்குப் படபடப்பு அடங்க புரோப்ரனலால் மறுபடி தந்தார். ஆஸ்துமா இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் எழுதினார், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது மூச்சை அடைக்கும். முதலில் கொடுத்த டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதாக நினைவில்லை. அதே மாத்திரைதான். ஆனால் இந்த முறை, அது அறிகுறிகளை மட்டும்தான் மறைக்கும், நோயைத் தொடாது என்று தெரிந்து போட்டுக்கொண்டேன்.

காத்திருக்கும் நாட்களில் எதைக் கண்டால் காத்திருக்கக் கூடாது என்பதையும் அவர் தெளிவாகச் சொன்னார். நெஞ்சு வலி, படுத்தாலும் மூச்சுத் திணறல், மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 130க்கு மேல் நிற்பது, திடீரென்று தாளம் தப்பித் தாறுமாறாக அடிப்பது, கடும் காய்ச்சலோடு பேச்சு குழறுவது. இவற்றில் எது வந்தாலும் ரத்த ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது ரிசல்ட் பொங்கலுக்கு முந்தைய நாள் வந்தது. டி.எஸ்.எச். அதே 0.01க்குக் கீழே. ஃப்ரீ டி4 3.4, ஃப்ரீ டி3 10.3. முதல் முறை எண்கள் கொஞ்சம் ஊதித்தான் இருந்திருக்கின்றன, ஆனால் நோய் நிஜம். இந்த முறை கூடவே இன்னொன்றும் பார்த்திருந்தார்கள்: தைராய்டைத் தூண்டிவிடும் எதிர்ப்பொருள். அது தெளிவாக இருந்தது. கிரேவ்ஸ் நோய் என்று பெயர் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக ஒரு பொருளைத் தயாரித்து, அது டி.எஸ்.எச். மாதிரி நடித்து, தைராய்டை இடைவிடாமல் சுரக்க வைக்கிறது. உண்மையான உத்தரவு நின்றுவிட்டது, போலி உத்தரவு போய்க்கொண்டே இருக்கிறது. 1835ல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது அவர் கவனித்த முக்கியமான அடையாளங்களில் ஒன்று, அடங்காத படபடப்புதான்.

எதிர்ப்பொருளை ஏன் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வைத்துத்தான் எனக்கு உறைத்தது. குழந்தை பிறந்து நான்காம் மாதம் அவளுக்கும் நாடி 110, டி.எஸ்.எச். 0.02, டி4 அதிகம். பேப்பரில் பார்த்தால் நானும் அவளும் ஒன்று. ஆனால் அவளுக்கு அந்தத் தூண்டிவிடும் எதிர்ப்பொருள் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சுரப்பி புண்ணாகி, ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் கசிந்து வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக எதுவும் அதிகம் சுரக்கவில்லை. சுரப்பை நிறுத்தும் மாத்திரை அவளுக்குக் கொடுத்தால் பயனில்லை. நாடிக்கு மட்டும் மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள், டி4 தானாகவே இறங்கியிருந்தது. பிறகு சில மாதம் சுரப்பு குறைவுப் பக்கம் போய், அதுவும் சரியானது. ஆக, ஹார்மோன் அதிகம் என்று தெரிந்ததும் சிகிச்சை தொடங்கிவிட முடியாது, எதனால் அதிகம் என்பதும் தெரிய வேண்டும். எதிர்ப்பொருளில் தெளிவு கிடைக்காவிட்டால் ஸ்கேன் எடுத்துச் சுரப்பி கதிரியக்கப் பொருளை எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார்கள். கர்ப்பமில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அது.

எனக்குச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கினார்கள், தினம் 20 மில்லிகிராம். இது என் எண்களுக்கு என் டாக்டர் போட்ட கணக்கு. தொடங்கும் முன் வெள்ளணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் பார்த்துக்கொண்டார். கர்ப்பத்துக்குத் திட்டம் இருக்கிறதா என்றும் கேட்டார், இருந்தால் முதல் மூன்று மாதத்துக்கு வேறு மருந்து. பிறகு சீட்டின் மேல் சிவப்பு மையால் ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டார்: காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்து, அன்றைக்கே ரத்த எண்ணிக்கை பார். அபூர்வமாக இந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். மாசி மாதம் எனக்குத் தொண்டைவலியும் 101 டிகிரி காய்ச்சலும் வந்தன. வீட்டில் எல்லோரும் கஷாயம் போதும் என்றார்கள். நான் மாத்திரையை நிறுத்திவிட்டு லேபுக்குப் போனேன். வெள்ளணு 7,200, எண்ணிக்கை சரியாக இருந்தது, சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு மறுநாள் மறுபடி தொடங்கினேன்.

ஆறாவது வாரம் ஃப்ரீ டி4 1.6க்கு வந்துவிட்டது. காலை நாடி 78. புரோப்ரனலாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திய பிறகும் 76, 80. ஆனால் டி.எஸ்.எச். இன்னும் 0.01லேயே நின்றது, நான் கலங்கிப்போனேன். பல மாதம் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழித்துக்கொள்ள நாளாகும், முதல் சில மாதம் டி4, டி3யைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டிக் குறைப்போம் என்று டாக்டர் விளக்கினார். டி.எஸ்.எச். 0.3ஐத் தொட ஐந்து மாதம் ஆனது. மாத்திரையை ஒன்று ஒன்றரை வருடம் சாப்பிட வேண்டும். நிறுத்திய பிறகு திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு, வந்தால் கதிரியக்க அயோடினோ அறுவை சிகிச்சையோ பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

கிரேவ்ஸ் நோய் ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவது உண்டு என்பதால் மதுரையில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்து, ஒரு வாரம் காலையில் நாடி எண்ணச் சொன்னேன். எனக்கும் இருக்கு போல என்று அவள் பதறிப்போனாள்: 98, 101, 97, 102. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அசதி, தலைமுடி கொட்டுகிறது. எல்லாம் என் கதை மாதிரியே இருந்தது. எடை மட்டும் குறையவில்லை. முடிக்கு எந்த மாத்திரையும் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன், இல்லை என்றாள். அதே பரிசோதனைகளை அங்கே ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி எடுத்தாள்.

அவளுடைய டி.எஸ்.எச். 2.1, ஃப்ரீ டி4ம் சரி. ஹீமோகுளோபின் 8.2, ரத்தசோகை. மாதவிலக்கு அதிகமாகப் போவதை இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள், வருகிற வியாழக்கிழமை மகளிர் நல மருத்துவரைப் பார்க்கப் போகிறாள்.